சரிவக விதியும் சரியான விடையும்: ஆறு எண்களிலிருந்து π/4 எவ்வளவு நெருக்கமாக வரும்?

"அட்டவணையில் x-உம் y-உம் மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துத் தொகையீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?"

கல்லூரித் தேர்வுகளில் அடிக்கடி வரும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். y = 1/(1+x²) என்ற சார்பை 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும். இடைவெளி h = 0.2. அட்டவணை இது:

```
x :  0         0.2       0.4       0.6       0.8       1.0
y :  1.000000  0.961538  0.862069  0.735294  0.609756  0.500000
```

அடுத்தடுத்த இரு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைத்தால், கோட்டுக்குக் கீழே ஒரு சரிவகம் கிடைக்கிறது. அதன் பரப்பு: இரண்டு y மதிப்புகளின் சராசரி பெருக்கல் அகலம். ஆறு புள்ளிகளுக்கு ஐந்து சரிவகங்கள். ஐந்தையும் கூட்டினால் வருவதுதான் விடை. இதுவே சரிவக விதி:

T = (h/2) × [முதல் y + கடைசி y + 2 × (நடு y-களின் கூட்டல்)]

நடுவில் உள்ள நான்கையும் கூட்டினால் 3.1686577. அதன் இரு மடங்கு 6.337315. இரண்டு முனைகளையும் கூட்டினால் 1.5. ஆக T = 0.1 × 7.837315 = 0.783732 (ஆறு தசமத்தில்).

சரியான விடை tan⁻¹(1) = π/4 = 0.785398. நமக்கு 0.001667 குறைகிறது. இந்த 0.001667 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், சரியான விடையோடு ஒப்பிடும்படி தேர்வில் கேட்பதன் காரணமும் விளங்கும். அதனால் கீழே பல கேள்விகளில் இந்த எண்ணையே பின்தொடர்ந்து போகிறேன்.

"நடுவில் உள்ளதற்கு 2, முனைகளுக்கு 1 என்று ஏன் வருகிறது? எனக்கு அது எப்போதும் மறந்துவிடுகிறது."

x = 0.4-இல் உள்ள நெட்டுக்கோட்டைப் பாருங்கள். அது இடப்பக்கச் சரிவகத்துக்கும் ஒரு சுவர், வலப்பக்கச் சரிவகத்துக்கும் ஒரு சுவர். அதனால் இரண்டு முறை எண்ணப்படுகிறது. x = 0-க்கு இடப்பக்கம் ஒன்றும் இல்லை, x = 1-க்கு வலப்பக்கம் ஒன்றும் இல்லை. அவை ஒரு முறைதான் வரும். படம் ஒன்றை வரைந்து வைத்துக்கொண்டால் மனப்பாடம் தேவைப்படாது.

இதை மறந்து ஆறு எண்களையும் அப்படியே கூட்டி 0.2-ஆல் பெருக்கினால் 0.9337 வரும். அது தவறு என்று உடனே தெரிய ஒரு வழி உண்டு. y 1-இலிருந்து 0.5-க்கு இறங்குகிறது, அகலம் 1. ஆகவே பரப்பு 0.5-க்கும் 1-க்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும். x = 0.5-இல் y 0.8. பரப்பு அதன் அருகில்தான் இருக்கும், 0.93 வர வழியில்லை. கணக்குப் போடுமுன் இப்படி ஒரு தோராய எண்ணை ஓரத்தில் குறித்து வைக்கும்படி என் வகுப்பில் எப்போதும் வற்புறுத்துவேன்.

இன்னொரு வழக்கமான தவறு, புள்ளிகளின் எண்ணிக்கையைப் பட்டைகளின் எண்ணிக்கையாக எடுப்பது. ஆறு புள்ளி என்றால் ஐந்து பட்டை. h = 1/6 என்று எழுதினால் அதன்பின் எல்லாம் தவறாகும்.

"சரியான விடையோடு ஒப்பிடும்போது எனக்கு 45 வருகிறது. 0.78 எங்கே, 45 எங்கே?"

உங்கள் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது. 45 டிகிரியும் π/4 ரேடியனும் ஒரே கோணம்தான். ஆனால் 1/(1+x²)-இன் தொகையீடு tan⁻¹x என்ற வாய்பாடு ரேடியனில் மட்டுமே உண்மை. திரையின் மேல் மூலையில் D என்று இருந்தால் R-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியபின் tan⁻¹(1) போட்டு 0.785398 வருகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

"நமக்கு விடை குறைவாக வந்திருக்கிறது. சரிவக விதி எப்போதுமே குறைவாகத்தான் தருமா?"

இல்லை. வளைவு மேல்நோக்கி உப்பியிருந்தால், புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு வளைவுக்குக் கீழே போகும். அப்போது விடை குறையும். வளைவு கீழ்நோக்கித் தொங்கினால் நேர்கோடு மேலே போகும், விடை கூடும். முதலாவது, இரண்டாம் வகைக்கெழு குறையெண்ணாக இருக்கும் இடம். இரண்டாவது, அது மிகையெண்ணாக இருக்கும் இடம்.

நம் சார்பு இரண்டையும் செய்கிறது. அதன் இரண்டாம் வகைக்கெழு (6x² − 2)/(1+x²)³. இது x = 1/√3, அதாவது ஏறத்தாழ 0.577 வரை குறையெண், அதற்குப் பின் மிகையெண். ஆக இடப்பக்கம் உப்பியும் வலப்பக்கம் தொங்கியும் இருக்கும் வளைவு இது. ஒவ்வொரு பட்டையிலும் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். tan⁻¹ தெரிந்திருப்பதால் ஒவ்வொன்றின் உண்மைப் பரப்பும் நமக்குக் கிடைக்கும்:

```
பட்டை       சரிவகம்    உண்மை     வேறுபாடு
0.0 - 0.2   0.196154   0.197396   -0.001242
0.2 - 0.4   0.182361   0.183111   -0.000750
0.4 - 0.6   0.159736   0.159913   -0.000177
0.6 - 0.8   0.134505   0.134321   +0.000184
0.8 - 1.0   0.110976   0.110657   +0.000318
```

முதல் மூன்று பட்டைகள் சேர்ந்து 0.002169 குறைத்திருக்கின்றன. கடைசி இரண்டும் 0.000502 கூட்டியிருக்கின்றன. மிச்சம் நிற்பதுதான் 0.001667. நமக்குக் கிடைத்த பிழையில் ஒரு பகுதி தானாகவே கழிந்துபோயிருக்கிறது.

"பிழை வாய்பாட்டில் போட்டால் 0.0067 வருகிறது. உண்மையான பிழை 0.0017 தான். வாய்பாடு தவறா?"

வாய்பாடு சரிதான். அது சொல்வது பிழையின் அளவை அல்ல, பிழை தாண்டமுடியாத எல்லையை. (b − a)h²M/12 என்பதில் M என்பது இரண்டாம் வகைக்கெழுவின் ஆகப் பெரிய அளவு. இங்கே அது x = 0-இல் 2. ஆகவே 0.04 × 2/12 = 0.0067. முதல் பட்டையில் இருக்கும் வளைவு எல்லாப் பட்டையிலும், அதுவும் ஒரே திசையில், இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு இது. மேலே உள்ள பட்டியலைப் பார்த்தால் நிலைமை அப்படி இல்லை என்று தெரியும்.

பிழையின் அளவே வேண்டும் என்றால் வேறொரு வாய்பாடு இருக்கிறது. பாடப்புத்தகங்கள் அதற்குக் கொடுக்கும் இடம் குறைவு என்பது என் வருத்தம். ஒவ்வொரு பட்டையின் பிழையும் h³/12 × (அந்த இடத்தின் இரண்டாம் வகைக்கெழு) என்ற அளவில் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால், இரண்டாம் வகைக்கெழுவையே தொகையிட்டது போல ஆகிறது. அதன் தொகையீடு முதல் வகைக்கெழு. ஆகவே நடுவில் உள்ளதெல்லாம் மறைந்து, இரண்டு முனைகளின் சாய்வு மட்டும் மிஞ்சும்:

T − உண்மை ≈ (h²/12) × [f′(b) − f′(a)]

நம் சார்புக்கு f′(x) = −2x/(1+x²)². 0-இல் சாய்வு 0, 1-இல் சாய்வு −0.5. ஆகப் பிழை ≈ (0.04/12) × (−0.5) = −0.0016667. நாம் கண்டது −0.0016666. இத்தனை நெருக்கம் எல்லாச் சார்புக்கும் கிடைக்காது. அடுத்து வரவேண்டிய h⁴ உறுப்பு மூன்றாம் வகைக்கெழுவைச் சார்ந்தது. அது இந்தச் சார்புக்கு 0-இலும் 1-இலும் சுழியாக இருப்பதால்தான் இப்படி அமைகிறது.

இந்தத் திருத்தத்தைச் சேர்த்தால் 0.7837315 + 0.0016667 = 0.7853982. ஆறு எண்களிலிருந்து π/4 ஏழு தசமம் வரை வந்துவிட்டது.

"h-ஐப் பாதியாக்கினால் பிழையும் பாதியாகுமா?"

நான்கில் ஒன்றாகும், ஏனென்றால் பிழை h²-ஐப் பொறுத்தது. h = 0.1 எடுத்துப் பார்த்தால், புதிதாக வேண்டியவை x = 0.1, 0.3, 0.5, 0.7, 0.9 ஆகிய ஐந்து மதிப்புகள் மட்டுமே. அவற்றின் கூட்டல் 3.931157. பழைய நான்கின் கூட்டல் 3.168658-ஐச் சேர்த்தால் 7.099815. T = 0.05 × (1.5 + 14.199630) = 0.784981. பிழை 0.000417. முன்பு 0.001667. விகிதம் 4.

விகிதம் 4 என்று உறுதியானால், முனைச் சாய்வு தெரியாமலேயே பிழையைக் கழித்துவிடலாம். இரண்டு விடைகளின் வேறுபாடு, பிழையின் நான்கு பங்கில் மூன்று பங்கு போனதால் வந்தது. மீதமுள்ள ஒரு பங்கு அந்த வேறுபாட்டில் மூன்றில் ஒன்று. அதைக் கூட்டினால் (4 × 0.7849815 − 0.7837315)/3 = 0.7853982. சிம்ப்சன் விதியில் நேராகப் போட்டாலும் இதே எண்தான் வரும், ஏனென்றால் அந்த விதியும் இந்தக் கழித்தலும் ஒரே கணக்குதான்.

"அப்படியானால் எல்லாச் சார்புக்கும் இதையே செய்துவிடலாமா?"

செய்துவிடக் கூடாது. இதற்காகவே, அதே π/4 விடையாக வரும் இன்னொரு சார்பை எடுக்கிறேன்: y = √(1 − x²), 0 முதல் 1 வரை. ஆரம் 1 உள்ள கால் வட்டம் அது, பரப்பு π/4. அதே ஐந்து பட்டைகள்:

```
x :  0         0.2       0.4       0.6       0.8       1.0
y :  1.000000  0.979796  0.916515  0.800000  0.600000  0.000000
```

T = 0.1 × (1 + 2 × 3.296311) = 0.759262. பிழை −0.026136. முதல் சார்பில் வந்ததைப் போல ஏறத்தாழ 16 மடங்கு. h = 0.1-க்குப் போனால் 0.776130, பிழை −0.009269. விகிதம் 4 அல்ல, 2.82.

எங்கே ஒழுகுகிறது என்று தேடினால், கடைசிப் பட்டையில் நிற்கும். 0.8-க்கும் 1-க்கும் நடுவே நம் சரிவகம் வெறும் முக்கோணமாகிவிடுகிறது, பரப்பு 0.06. வட்டத்தின் உண்மைப் பரப்பு அங்கே 0.08175. மொத்தப் பிழையில் ஆறில் ஐந்து பங்கு இந்த ஒரே பட்டையில் இருக்கிறது. x = 1-ஐ நெருங்கும்போது வட்டம் செங்குத்தாகக் கீழே விழுகிறது. சாய்வுக்கு எல்லையே இல்லை. ஆகவே M-உம் இல்லை, f′(b)-உம் இல்லை. மேலே சொன்ன இரண்டு பிழை வாய்பாடுகளும் இங்கே செல்லாது. இந்த வகை முனையில் பிழை h²-ஆகக் குறையாமல் h-இன் 1.5 அடுக்காகத்தான் குறையும். பாதியாக்கினால் 2√2, அதாவது 2.83 மடங்கு.

இது தெரியாமல் நான்கு என்று வைத்துத் திருத்தினால் 0.78175 வரும், இன்னும் 0.0036 குறைவு. 2√2 என்று வைத்துத் திருத்தினால் (2.82843 × 0.776130 − 0.759262)/1.82843 = 0.78535. பிழை 0.00004-க்கு இறங்கிவிடுகிறது. அதே இரண்டு எண்கள்தான். எந்த விகிதத்தில் பிழை குறைகிறது என்று அறிந்ததால் கிடைத்த வித்தியாசம் அது.

சார்பே கையில் இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. x = sin θ என்று மாற்றினால் தொகையிட வேண்டியது cos² θ, 0 முதல் π/2 வரை. செங்குத்து முனை போய்விட்டது. ஒரே ஒரு பட்டை போடுங்கள்: முனை மதிப்புகள் 1, 0. அகலம் π/2. சராசரி 0.5. விடை π/4, துளியும் பிழையில்லை. பட்டைகள் எத்தனை எடுத்தாலும் இதுவேதான் வரும். முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்த நாளில், எங்கோ கணக்கில் தவறிவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை திரும்பப் போட்டேன்.

"அட்டவணையில் நான்கு தசமம் வரைதான் இருக்கிறது. h-ஐ மிகவும் சிறிதாக்கினால் விடை துல்லியமாகாதா?"

ஒரு கட்டம் வரை ஆகும், அதற்கு மேல் ஆகாது. நான்கு தசமத்துக்கு முழுமையாக்கிய எண் ஒவ்வொன்றிலும் 0.00005 வரை தவறு இருக்கலாம். சரிவக விதி என்பது ஒரு வகைச் சராசரி. எல்லா எண்ணும் ஒரே பக்கம் தவறியிருந்தால் விடையும் (b − a) × 0.00005 வரை தவறும். பட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் இந்த எல்லை குறையாது.

நம் முதல் கணக்கில் h = 0.2-க்கு விதியின் பிழை 0.0017, எண் முழுமையாக்கலின் பிழை அதிகபட்சம் 0.00005. பின்னது பொருட்டே இல்லை. h = 0.01 என்றால் விதியின் பிழை 0.000004 ஆகிவிடும். இப்போது நிலைமை தலைகீழ். இரண்டும் சமமாவது h ஏறத்தாழ 0.035 இருக்கும்போது. நான்கு தசம அட்டவணைக்கு அதைவிடச் சிறிய h எடுப்பது உழைப்பை வீணாக்குவது. விடையில் ஏழு தசமம் எழுதுவதும் அங்கே பொருளற்றது.

"சிம்ப்சன் விதி இதைவிடத் துல்லியம் என்கிறார்களே, பின் ஏன் இது?"

சிம்ப்சனின் 1/3 விதிக்குப் பட்டைகள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். நம் அட்டவணையில் ஐந்து. சமமில்லாத இடைவெளிகள் இருந்தாலும் அந்த விதியை அப்படியே போட முடியாது. சரிவகத்துக்கு இந்த இரண்டு தடையும் இல்லை.

பழமையும் இதற்கு உண்டு. பாபிலோனிய வானியலாளர்கள் கி.மு. 350-க்கும் 50-க்கும் இடையே களிமண் பலகைகளில் வியாழனுக்கு இதைப் போட்டிருக்கிறார்கள். கலை என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. வேகம் 60 நாளில் நாளொன்றுக்கு 12 கலையிலிருந்து 9.5 கலையாகக் குறைகிறது. சரிவகத்தின் பரப்பு 645 கலை, அதாவது 10 டிகிரி 45 கலை. அதுதான் வியாழன் நகர்ந்த தூரம். அந்தப் பலகைகளைப் படித்து விளக்கி மாத்தியூ ஓசென்டிரிவர் 2016-இல் வெளியிட்டார். வேகம் நேர்கோடாகவே குறைவதாக அவர்கள் எடுத்துக்கொண்டதால், அந்தக் கணக்குக்குள் ஒரே சரிவகம் போதுமானதாக இருந்தது.

"சோதனையில் அளந்த எண்கள் இவை. சார்பே தெரியாது, சரியான விடையும் கிடையாது. என் விடையை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

இருக்கிற எண்களில் ஒன்றுவிட்டு ஒன்றை மறைத்துவிட்டு மறுபடி போடுங்கள். எட்டுப் பட்டை இருந்தால் மிகவும் வசதி. எட்டு, நான்கு, இரண்டு என மூன்று விடைகள் கிடைக்கும். சரியான விடை தெரிந்த நம் முதல் சார்பிலேயே இதைச் சோதித்துக் காட்டுகிறேன். இரண்டு பட்டைக்கு 0.775000, நான்குக்கு 0.782794, எட்டுக்கு 0.784747. முதல் தாவல் 0.007794, அடுத்தது 0.001953. விகிதம் 3.99. நான்கை ஒட்டி வந்துவிட்டது, ஆகவே விதி ஒழுங்காக வேலை செய்கிறது. மீதப் பிழை கடைசித் தாவலில் மூன்றில் ஒன்று, 0.000651. உண்மையில் இருப்பதும் 0.000651 தான்.

விகிதம் 2.8 போல வந்தால், ஏதோ ஒரு முனையில் வளைவு செங்குத்தாகப் போகிறதா என்று பாருங்கள். நான்குக்கு அருகிலேயே வராமல் அங்குமிங்கும் தாவினால், அளவீட்டில் உள்ள சிதறல் விதியின் பிழையை மிஞ்சிவிட்டது அல்லது ஒரு எண் தவறாகப் பதிவாகியிருக்கிறது. y மதிப்புகளை ஒரு தாளில் புள்ளிகளாக வைத்துப் பார்த்தால், தவறிய எண் பெரும்பாலும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இடைவெளிகள் சமமாக இல்லாத அளவீடு என்றால், h-ஐ வெளியே எடுக்கும் வாய்பாட்டை மறந்துவிட்டு ஒவ்வொரு சரிவகத்தையும் அதன் அகலத்தோடு தனியாகப் போட்டுக் கூட்டுங்கள். எக்செல்லில் x மதிப்புகள் A2 முதல் A7 வரையும் y மதிப்புகள் B2 முதல் B7 வரையும் இருந்தால் ஒரே வரி போதும்:

```
=SUMPRODUCT((A3:A7-A2:A6)*(B3:B7+B2:B6))/2
```

மேலே உள்ள முதல் அட்டவணையை இட்டுப் பாருங்கள், 0.78373 வர வேண்டும். வரவில்லை என்றால் வீச்சு ஒரு வரிசை தள்ளிப்போயிருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு உங்கள் எண்களை இடுங்கள்.